சமரச மேசையில் போடும் கையெழுத்து எதை முடிக்கிறது, எதை முடிப்பதில்லை

கேள்வி: "ஆறு வருடம் வேலை செய்த நிறுவனம் என்னை நீக்கிவிட்டது. தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தேன். விசாரணைக்கு முன்னால் சமரசத்துக்கு வரச் சொல்லி அறிவிப்பு வந்திருக்கிறது. போகாமல் இருந்தால் என்ன ஆகும்? அங்கே ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்ட பிறகு மனசு மாறினால் வழக்கைத் தொடர முடியுமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பெரும்பாலும் முடியாது. தொகை குறைவு என்று பிறகு தோன்றியது, வீட்டில் திட்டினார்கள், உடன் வேலை பார்த்தவருக்கு அதிகம் கிடைத்தது என்பவை எந்தத் தீர்ப்பாயத்திலும் எடுபடாத காரணங்கள். நான் வழக்கறிஞன் அல்லன். தொழிற்சங்கத்தின் சார்பில் 17 ஆண்டுகள் தொழிலாளர்களுடன் சமரசப் பேச்சுகளுக்குப் போய் உட்கார்ந்தவன். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆகவே எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதை உறுதியாகவும், நாட்டுக்கு நாடு மாறுவதை எடுத்துக்காட்டோடும் சொல்கிறேன். அறிவிப்பில் குறிப்பிட்டிருக்கும் சட்டப்பிரிவை உள்ளூரில் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

போகாமல் இருப்பதன் விளைவுதான் நாட்டுக்கு நாடு மிகவும் மாறுவது. பிரான்சின் தொழிலாளர் தீர்ப்பாயத்தில் சமரச அமர்வு வழக்கின் முதல் கட்டமே ஆகும். மனுதாரர் தக்க காரணமின்றி வராவிட்டால் மனுவே செல்லாததாக அறிவிக்கப்படலாம். ஜெர்மனியில் அந்த முதல் அமர்வை நடத்துபவர் நீதிபதியே என்பதால், வராதவருக்கு எதிராக எதிர்த்தரப்பு கேட்டால் அன்றே ஒருதலைத் தீர்ப்பு கிடைத்துவிடும். பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே தீர்ப்பாயத்துக்குப் போகுமுன் சமரச அமைப்பான ஏகாஸுக்குத் தகவல் தருவது 2014 முதல் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் பேச்சில் கலந்துகொள்வது இரு தரப்பின் விருப்பத்தைப் பொறுத்தது, மறுத்தாலும் வழக்கு நிற்காது. உங்களுக்குத் தேதி குறிப்பிட்டு, தீர்ப்பாயத்தின் முத்திரையோடு அறிவிப்பு வந்திருக்கிறதென்றால், அதை வழக்கின் தேதியாகவே கருதிப் போய்விடுங்கள். போனதனால் எதற்கும் சம்மதித்ததாக ஆகாது. நோய் போன்ற காரணத்தால் போக முடியாதென்றால், முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து வேறு தேதி கேளுங்கள்; அந்தக் கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அங்கே உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சமரசம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வகையான மனிதர்கள் இருக்கிறார்கள். முதல் வகை, தீர்ப்புச் சொல்லும் அதிகாரமே இல்லாத சமரச அதிகாரி. இவர் ஒரு தரப்பின் பேச்சை மறு தரப்பிடம் கொண்டுபோவார், இடைவெளியைக் குறைக்கப் பார்ப்பார். யார் பக்கம் நியாயம் என்று சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. இரண்டாவது வகை பிரான்சில் இருப்பது போன்ற இருவர் அமர்வு: தொழிலாளர் தரப்பைச் சேர்ந்த ஒருவர், முதலாளி தரப்பைச் சேர்ந்த ஒருவர், இருவரும் அந்தத் தீர்ப்பாயத்தின் உறுப்பினர்களே. மூன்றாவது வகையில், ஜெர்மனியைப் போல, பிறகு வழக்கை விசாரிக்கப்போகும் நீதிபதியே முதலில் தனியாக அமர்ந்து சமரசம் பேசுவார். பணிநீக்க வழக்கில் மனு வந்த இரண்டு வாரத்துக்குள் இந்த அமர்வு நடக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது.

இந்த வேறுபாட்டை வைத்துத்தான் அங்கே எவ்வளவு பேசுவது என்பதை முடிவுசெய்ய வேண்டும். முதல் வகை அதிகாரியிடம் தனியாகப் பேசும்போது, "இதற்குக் கீழே இறங்கமாட்டேன்" என்ற தொகையைக்கூடச் சொல்லலாம். எதிர்த்தரப்புக்குச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டால் அவர் சொல்லமாட்டார். பிரிட்டனில் அந்த அதிகாரியிடம் சொன்னதை, சொன்னவரின் சம்மதம் இல்லாமல் தீர்ப்பாயத்தில் சாட்சியமாக வைக்க முடியாது என்று சட்டமே தடுக்கிறது. நீதிபதியே சமரசம் பேசும் இடத்திலோ, அவர் காதில் விழுந்ததை அவர் மறந்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது வீண். அங்கே ஒரு நன்மையும் உண்டு: "இந்த ஆவணத்தை வைத்துக்கொண்டு நீங்கள் ஜெயிப்பது கடினம்" என்று அவர் நிர்வாகத்தைப் பார்த்து அரை வரி சொன்னால் போதும், தொகை ஏறிவிடும். அதே அரை வரி நம்மைப் பார்த்தும் வரலாம். எந்த வகை அமர்வானாலும், உங்கள் கையில் இருக்கும் ஆவணத்தைச் சமரசத்தில் காட்டியதனால் அது இரகசியமாகிவிடாது. சம்பளச் சீட்டும் வருகைப் பதிவேடும் விசாரணையிலும் ஆவணங்களே. இரகசியமாக இருப்பது பேரம், அதாவது யார் எவ்வளவுக்கு இறங்கி வந்தார்கள் என்பது மட்டுமே.

இனி உங்கள் கேள்வியின் மையம். சமரச அதிகாரி முன்னால் போடும் கையெழுத்துக்கு ஏன் அவ்வளவு பலம்? தொழிலாளர் சட்டங்கள் பொதுவாகத் தொழிலாளியை அவருடைய கையெழுத்திடமிருந்தே காப்பாற்றும்படி எழுதப்பட்டவை. முதலாளியின் அறையில் உட்கார்ந்து "எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக்கொடுத்தாலும், பல நாடுகளில் அது சட்டப்படியான உரிமைகளை அழிக்காது. பிரிட்டனின் 1996-ஆம் ஆண்டுப் பணி உரிமைகள் சட்டத்தின் 203-ஆம் பிரிவு அப்படிப்பட்ட எழுத்தைச் செல்லாது என்கிறது. ஆனால் சமரச அதிகாரி நடவடிக்கை எடுத்து ஏற்பட்ட உடன்பாட்டுக்கு விலக்குத் தருகிறது. இந்தியாவின் 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் இதையே வேறு கோணத்தில் வகுத்தது: வெளியே செய்துகொண்ட உடன்பாடு கையெழுத்திட்டவர்களை மட்டும் கட்டும், சமரச நடவடிக்கையின்போது ஏற்பட்ட உடன்பாடு அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளர்களையும், பிறகு சேருபவர்களையும்கூடக் கட்டும். இந்தக் கூட்டு விளைவு உங்களைப் போன்ற தனிநபர் வழக்கில் பெரிதாக வராது. ஆனால் அடிப்படை ஒன்றுதான். நடுநிலையானவர் ஒருவர் இருந்தார், தொழிலாளி தனியாக விடப்படவில்லை என்ற நம்பிக்கையில் சட்டம் தன் பாதுகாப்பை அந்த ஒரு மேசையில் மட்டும் விலக்கிக்கொள்கிறது. வேறிடத்தில் செல்லாத கையெழுத்து இங்கே செல்லும். அதனால்தான் அந்த அமர்வு நமக்குப் பயனுள்ளதாக இருக்கிறது; அதே காரணத்தால் ஆபத்தானதாகவும் இருக்கிறது. அதிகாரி நடுநிலையானவர்தான், ஆனால் உங்கள் ஆலோசகர் அல்லர். நீங்கள் விட்டுக்கொடுப்பது குறைவா கூடுதலா என்று சொல்வது அவர் வேலையே அல்ல.

நான் உடன் இருந்த ஒரு வழக்கைச் சற்று விரிவாகச் சொன்னால் இது புரியும். தொகைகளை மாதச் சம்பளக் கணக்கில் தருகிறேன்; உங்கள் சம்பளத்தைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு கிடங்கில் 9 ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். சரக்கு இருப்பைத் தவறாகப் பதிந்தார் என்று குற்றம்சாட்டி, முன்னறிவிப்பு இல்லாமல் நீக்கினார்கள். அவர் கேட்டவை நான்கு. எடுக்காத விடுப்பு 18 நாள். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கொண்டால் அது 0.7 மாதச் சம்பளம். முன்னறிவிப்புக்குப் பதிலான சம்பளம் 2 மாதம். ஓவர்டைம் நிலுவை 1.5 மாதம். நியாயமற்ற பணிநீக்கத்துக்கு இழப்பீடு. வென்றால் அதிகபட்சம் 8 மாதம் கிடைக்கும் என்பது எங்கள் மதிப்பீடு.

கூட்டினால் 12.2 மாதம் வருகிறது. ஆனால் அந்தக் கூட்டுத்தொகை சமரச மேசையில் எதற்கும் உதவாது. நாங்கள் அமர்வுக்கு முந்தைய நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கிடைக்கும் வாய்ப்போடு பெருக்கினோம். விடுப்புப் பணம் எப்படியும் கிடைக்கும், அது 0.7. கடுமையான ஒழுங்கீனம் என்று நிறுவ முடியாவிட்டால் முன்னறிவிப்புச் சம்பளம் கிடைக்கும். மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்று வைத்தோம், ஏறக்குறைய 1.3. ஓவர்டைமுக்குப் பாதி நாட்களுக்குத்தான் ஆதாரம் இருந்தது, ஆகவே 0.75. இழப்பீட்டுக்குச் சரிபாதி வாய்ப்பு, 4. ஆக 6.75. இதில் வக்கீல் செலவும் அலைச்சலும் 1 மாதச் சம்பளம் தின்னும் என்று கழித்தால் 5.75. வழக்கு ஒன்றரை ஆண்டு இழுக்கும் என்று தெரிந்ததால், இப்போதே கையில் வருவதற்காக முக்கால் மாதத்தை விடத் தயார் என்றார். அப்படி வந்த கீழ்வரம்பு 5. இந்த வாய்ப்புக் கணக்கு துல்லியமானது என்று நான் சொல்லமாட்டேன். மூன்றில் இரண்டு என்பது எங்கள் ஊகம்தான். ஆனால் ஊகத்தை எழுதிவைத்துக்கொண்டு போனவர், எதிர்த்தரப்பு சொல்லும் முதல் எண்ணில் தடுமாறமாட்டார்.

இவ்வளவு ஆண்டுக்கு இவ்வளவு என்ற பொதுவான அளவுகோல் எதுவும் இல்லையா என்று கேட்பார்கள். சில நாடுகளில் இருக்கிறது, ஆனால் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போவதில்லை. ஜெர்மனியில் ஓர் ஆண்டுப் பணிக்கு அரை மாதச் சம்பளம் என்ற நடைமுறைக் கணக்கைப் பேச்சின் தொடக்கப்புள்ளியாக வைப்பார்கள். அது சட்ட உரிமை அன்று. அந்தக் கணக்கில் 9 ஆண்டுக்கு 4.5 மாதம். பிரான்சில் சமரசக் கட்டத்துக்கென்றே ஆணையில் ஓர் அட்டவணை உண்டு. 8 முதல் 12 ஆண்டுக்குள் பணிபுரிந்தவருக்கு அது 10 மாதம் என்கிறது, ஆனால் அதற்கு இருதரப்பும் சம்மதித்தால்தான். ஆகவே இணையத்தில் யாராவது எண் சொன்னால், எந்த நாட்டு எண் என்று கேளுங்கள்.

அமர்வில் நிர்வாகம் முதலில் வைத்த எண் 3. அதுவும் "எல்லாவற்றையும் சேர்த்து". இந்தச் சொற்றொடர் வந்தால் உடனே கழித்தல் கணக்குப் போட வேண்டும். விடுப்புப் பணமான 0.7 வழக்கே இல்லாவிட்டாலும் அவர்கள் கொடுக்கவேண்டியது. ஆக வழக்குக்காக அவர்கள் தரும் விலை 2.3 மட்டுமே. நம் பணத்தையே நமக்குச் சலுகையாகக் காட்டுவது நிர்வாகத் தரப்பில் பழைய வழக்கம். ஆகவே விடுப்புப் பணத்தைப் பேச்சுக்கு வெளியே வைத்து, அதைத் தனியாகக் கொடுத்துவிடும்படி கேட்டோம். அதிகாரி இருமுறை அறைக்கும் அறைக்கும் நடந்தார். இரண்டு மணி நேரத்தில் 5.5 மாதமும் விடுப்புப் பணம் தனியாகவும் என்று நின்றது. எங்களுடையவர் முகத்தில் நிம்மதி வந்துவிட்டது. உண்மையில் வேலை அப்போதுதான் ஆரம்பித்தது, ஏனென்றால் தட்டச்சு செய்த வரைவு வந்தது.

வரைவின் நான்காவது பத்தி இப்படி இருந்தது: "இப்பணி தொடர்பாகவோ, அதன் விளைவாகவோ, இன்றுவரை எழுந்த, இனி எழக்கூடிய எல்லாக் கோரிக்கைகளும் இத்தொகையால் முழுமையாகவும் இறுதியாகவும் தீர்ந்தன." எல்லா வரைவிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும் வாக்கியம் என்பதால் பலர் படிக்காமல் தாண்டிவிடுவார்கள். எங்களுடையவருக்கு முந்தைய ஆண்டு வேலையிடத்தில் கையில் அடிபட்டு, இரண்டு விரல்கள் சரியாக மடங்காமல் இருந்தன. அதற்கான விபத்து இழப்பீட்டு மனு வேறொரு இடத்தில் நிலுவையில் இருந்தது. "அதன் விளைவாகவோ" என்ற ஒரு சொல் அந்த மனுவையும் விழுங்கிவிடக்கூடியது. சில நாடுகளில் பணியிட விபத்து இழப்பீட்டையும் ஓய்வூதிய உரிமையையும் இப்படி எழுதித் தள்ளுபடி செய்யவே முடியாது. வேறு சில நாடுகளில் முடியும். எது எப்படியென்று அந்த அறையில் வாதிடுவதைவிட, தீரும் கோரிக்கைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட வைத்து, விபத்து இழப்பீடும் சேர்ந்துவிட்ட வைப்புநிதியும் ஓய்வூதியமும் இதில் அடங்காது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வது எளிது. அதற்கு இருபது நிமிடம் ஆனது. நிர்வாகத்தின் வக்கீல் பெரிதாக எதிர்க்கவில்லை. அந்த வரியை நாம் கேட்டாலொழிய அவராகச் சேர்த்திருக்கமாட்டார் என்பதுதான் விஷயம்.

அடுத்தது பணத்தின் பெயர். "5.5 மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகை" என்று மட்டும் எழுதியிருந்தது. அது பிடித்தம் போகவா, பிடித்தத்துக்கு முன்னா என்று இல்லை. வரியும் சமூகக் காப்புறுதிப் பிடித்தமும் எவ்வளவு என்பது, அந்தப் பணம் சம்பள நிலுவையா, முன்னறிவிப்புச் சம்பளமா, இழப்பீடா என்பதைப் பொறுத்துப் பல நாடுகளில் மாறும். என் ஆரம்ப காலத்தில் இதைக் கவனிக்காமல் விட்டு, ஒருவருக்குக் கையில் வந்த பணம் பேசியதில் ஐந்தில் நான்கு பங்காகக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் நிர்வாகத்தை அல்ல, என்னைத்தான் கேட்டார். இந்த முறை பணத்தை மூன்று தலைப்பாகப் பிரித்து எழுத வைத்து, பிடித்தம் போகக் கையில் வரும் தொகையையும் எண்ணாலும் எழுத்தாலும் போடச் சொன்னோம். தலைப்பு உண்மையோடு ஒத்துப்போக வேண்டும். வரி மிச்சமாகும் என்று எல்லாவற்றையும் இழப்பீடு என்று எழுதினால், பிறகு வரித்துறை அதை ஏற்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை.

நீக்கியதற்கான காரணமும் அந்தத் தாளில் வரும். "தொழிலாளியின் ஒழுங்கீனம் காரணமாகப் பணி முடிந்தது" என்று வரைவின் முகப்பில் இருந்ததை அப்படியே விட்டிருந்தால், பணம் வாங்கிக்கொண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே அடுத்த முதலாளி படிப்பார். வேலையில்லாக் காலத்து உதவித்தொகை இருக்கும் நாடுகளில், பணி எப்படி முடிந்தது என்று இந்தத் தாளைப் பார்த்துத்தான் அந்த அலுவலகம் முடிவுசெய்யும். தொழிலாளியே விலகியதாக எழுதியிருந்தால் உதவித்தொகை சில வாரங்கள் நிறுத்திவைக்கப்படலாம். நாங்கள் கேட்டது, குற்றச்சாட்டை நிர்வாகம் இனி வலியுறுத்தாது, பணி முதலாளியின் முடிவால் முடிந்தது, பணிச் சான்றிதழில் காலமும் பதவியும் மட்டும் இருக்கும் என்ற மூன்று வரிகள். சமரசம் என்பது எந்தத் தரப்பும் தவறை ஒப்புக்கொண்டதாக ஆகாது. எனவே "நான் குற்றமற்றவன் என்று தீர்ப்பு வேண்டும்" என்பது ஒருவருடைய முதல் நோக்கமாக இருந்தால், அது அந்த மேசையில் கிடைக்காது. அவர் விசாரணைக்குத்தான் போக வேண்டும். அப்படிச் சொல்லி எழுந்து போனவர்களையும் எனக்குத் தெரியும், அவர்கள் செய்தது தவறென்று நான் நினைக்கவில்லை.

கடைசியாக, பணம் எப்போது வரும், வராவிட்டால் என்ன என்ற பத்தி. நிர்வாகம் தவணை கேட்டது. 14 நாளில் 3 மாதச் சம்பளமும் விடுப்புப் பணமும், 45 நாளில் மீதி 2.5 மாதம் என்று ஒத்துக்கொண்டோம், ஒரு நிபந்தனையுடன்: முதல் தவணை தவறினால் இரண்டாவதற்கான தேதிக்குக் காத்திருக்காமல் முழுத் தொகையும் உடனே கொடுக்கவேண்டியதாகும், தாமதத்துக்கு வட்டியும் சேரும். வழக்கைத் திரும்பப் பெறும் மனுவையும் அன்றே கையெழுத்திட்டுத் தரச் சொன்னார்கள். அதைப் பணம் முழுவதும் வந்த பிறகு தருவதாக மாற்றினோம். தீர்ப்பாயமே சமரசத்தைப் பதிவுசெய்து வழக்கை முடிக்கும் இடங்களில் இப்படி மாற்ற முடியாது, மாற்ற வேண்டியதும் இல்லை, ஏனென்றால் அங்கே அந்தப் பதிவே தீர்ப்புக்குச் சமமான நிறைவேற்று ஆவணம். பிரான்சிலும் ஜெர்மனியிலும் அமர்வின் பதிவை வைத்தே வசூல் நடவடிக்கைக்குப் போகலாம், புதிதாக வழக்குப் போட வேண்டாம். இந்தியாவின் 1947-ஆம் ஆண்டுச் சட்டம், உடன்பாட்டின்படி வரவேண்டிய தொகையை நிலவரி பாக்கிபோல் வசூலிக்க வழிவைத்தது. உங்கள் தாள் எந்த வகை என்பதை அதிகாரியிடமே கேட்கலாம்; அது ஆலோசனை அன்று, நடைமுறைத் தகவல், ஆகவே அவர் பதில் சொல்வார். "இதை வைத்து நேராக வசூலுக்குப் போகலாமா, அல்லது இன்னொரு மனு போட வேண்டுமா?" என்று இதே சொற்களில் கேளுங்கள்.

எங்கள் வழக்கில் முதல் தவணை நாள் தவறாமல் வந்தது. இரண்டாவது வரவில்லை. 46-ஆம் நாள் சான்றிட்ட நகலோடு வசூல் மனு கொடுத்தோம். அறிவிப்பு போய்ச் சேர்ந்த ஒரு வாரத்தில் வட்டியோடு வந்துவிட்டது. விபத்து இழப்பீட்டு மனுவில் நிர்வாகத் தரப்பு இந்த உடன்பாட்டைக் காட்டி "எல்லாம் தீர்ந்துவிட்டது" என்று சொல்லிப் பார்த்தது. விலக்கு வரியைக் காட்டியதும் அந்த வாதம் அங்கேயே நின்றது.

கையெழுத்துப் போட்டதைப் பிறகு கலைக்கவே முடியாதா என்றால், குறுகிய வாசல்கள் உண்டு. ஏமாற்றியிருந்தால், அதாவது முக்கியமான ஓர் உண்மையைப் பொய்யாகச் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தால், மிரட்டியிருந்தால், உங்கள் சார்பில் கையெழுத்துப் போட்டவருக்கு அதிகாரமே இல்லாதிருந்தால், சட்டம் கேட்கும் வடிவம் பின்பற்றப்படாமல் இருந்தால், பல நாடுகளில் எதிர்த்துக் கேட்கலாம். இவற்றை நிரூபிக்கும் சுமை உங்கள் மேல்தான். அமர்வில் ஓர் அதிகாரி கூடவே இருந்தார் என்பதே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். கடன்காரர் வாசலில் நின்றதால் ஒத்துக்கொண்டேன் என்பது மனிதர்களுக்குப் புரியும் காரணம். சட்டத்தின் கண்ணில் அது மிரட்டல் அன்று. சங்கப் பிரதிநிதியோ வக்கீலோ உங்களுக்காகப் பேசும்போது ஒத்துக்கொண்டதும் பொதுவாக உங்களைக் கட்டும். ஆகவே கீழ்வரம்பை அவருக்கு எழுத்தில் கொடுங்கள். பிரிட்டனில் சமரச அதிகாரி மூலமாகத் தொலைபேசியில் "சரி" என்று சொன்னதே உடன்பாடாகிவிடும், தாள் பிறகு வந்தாலும். இது பலருக்குத் தெரியாது.

ஆகவே மனம் மாறும் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறதென்றால், அதற்கான இடத்தைக் கையெழுத்துக்கு முன்னால்தான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். ஜெர்மன் தீர்ப்பாயங்களில் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்து மூலம் விலகிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு சமரசம் எழுதுவது சாதாரணம். பெரும்பாலும் நிர்வாகத்தின் வக்கீல்கள்தான் மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்று இதைக் கேட்பார்கள். தொழிலாளியும் கேட்கலாம். அந்த வழக்கமில்லாத இடத்தில், தொகையில் ஒத்துப்போன பிறகு "வரைவைப் படிக்க எனக்கு இரண்டு நாள் வேண்டும், அடுத்த தேதி கொடுங்கள்" என்று கேளுங்கள். "இன்று விட்டால் இந்தத் தொகை கிடையாது" என்று எதிர்த்தரப்பு சொல்லும். என் அனுபவத்தில், இரண்டு நாளில் காணாமல் போன தொகைகள் மிகச் சில. விசாரணைத் தேதி நெருங்க நெருங்க நிர்வாகத்துக்கும் செலவும் நிச்சயமின்மையும் கூடுகின்றன, ஆகவே முதல் அமர்வில் முடியாத பல வழக்குகள் விசாரணைக்குச் சில நாள் முன்பு முடிகின்றன. ஆனால் நிறுவனமே மூடப்போகிறது, கடனில் இருக்கிறது என்ற தகவல் உங்களிடம் இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். அப்போது தவணையில் வரும் 6 மாதத்தைவிட அன்றே கையில் வரும் 4 மாதம் மேலானது.

சமரசம் கூடாமல் போனால், தகராறு தீரவில்லை என்று பதிவாகி வழக்கு விசாரணைக்குப் போகும். நீங்கள் எவ்வளவுக்கு இறங்கினீர்கள் என்பது அந்தப் பதிவில் பொதுவாக இராது. இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு விஷயத்தை அமர்வுக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்: நீங்கள் கொடுத்த மனுவில் நிலுவைச் சம்பளம், ஓவர்டைம், விடுப்புப் பணம் எல்லாம் இருக்கின்றனவா, அல்லது பணிநீக்கம் மட்டும்தானா? சமரசம் பேசிக்கொண்டிருக்கும் காலத்தில் மற்றக் கோரிக்கைகளுக்கான காலக்கெடு தானாக நிற்கும் என்று எண்ணாதீர்கள். சில சட்டங்களில் நிற்கும், சிலவற்றில் நிற்காது. மூன்று வாரமே கெடு உள்ள நாடும் உண்டு, ஜெர்மனியில் பணிநீக்கத்தை எதிர்ப்பதற்கு அவ்வளவுதான். விட்டுப்போனவை இருந்தால் அமர்வுக்குக் காத்திராமல் மனுவைத் திருத்திக் கொடுத்துவிடுங்கள். எந்த நாடு, அறிவிப்பில் என்ன பிரிவு எழுதியிருக்கிறது என்று இங்கே குறிப்பிட்டால், பெயர்களை மறைத்துவிட்டு வரைவின் பத்திகளையும் போட்டால், பார்த்துச் சொல்கிறேன்.